உப்புத் தண்ணீரில் சிஓடி பார்ப்பது

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத் தோல் ஷாப்புகளில் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். அதைக் கழுவும்போது உப்பும் கழிவுநீரோடு போகிறது. அந்த நீரின் மாசை அளக்க லேபில் முதலில் பார்ப்பது சிஓடி, அதாவது வேதி ஆக்சிஜன் தேவை. நீரில் இருக்கும் கரிமப் பொருளை முழுவதும் ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதே அது. நுண்ணுயிர்களை வைத்து அளக்கும் பிஓடிக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதற்கு ஒரு முற்பகல் போதும்.

முறை இதுதான். உருண்டை பிளாஸ்க்கில் 20 மி.லி. சாம்பிள் எடுத்து 0.4 கிராம் மெர்குரிக் சல்பேட் போட்டுக் கலக்க வேண்டும். பிறகு 0.25 நார்மல் பொட்டாசியம் டைகுரோமேட் 10 மி.லி.; கடைசியாக, சில்வர் சல்பேட் கரைத்த அடர் சல்ஃப்யூரிக் அமிலம் 30 மி.லி., மெதுவாக. மேலே கண்டென்சரை மாட்டி இரண்டு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். டைகுரோமேட் கரிமப் பொருளைச் சிதைக்கும். அந்த வேலையில் ஆரஞ்சு நிறக் குரோமியம் பச்சையாக மாறும். எவ்வளவு டைகுரோமேட் செலவானது என்பதை நேராக அளக்காமல் மிச்சத்தை அளக்கிறோம். ஆறியதும் நீர் சேர்த்து, ஃபெரோயின் இரண்டு மூன்று சொட்டு விட்டு, ப்யூரெட்டிலிருந்து ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் கரைசலை இறக்குகிறோம். அதிலுள்ள இரும்பு, மிஞ்சிய டைகுரோமேட்டைத் தீர்க்கும். மஞ்சள் நீலப்பச்சையாகி, ஒரே சொட்டில் செம்பழுப்புக்குத் தாவும். அதுதான் முடிவு. சில நிமிடம் கழித்துப் பச்சை திரும்பி வந்தாலும் கணக்கில் எடுக்கக் கூடாது.

சாம்பிளுக்குப் பதில் சுத்த நீர் வைத்து இதே சோதனையை உடன் செய்ய வேண்டும், இது பிளாங்க். பிளாங்க்குக்குத்தான் ப்யூரெட்டில் அதிகம் செலவாகும், ஏனென்றால் அதில் டைகுரோமேட் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. மாசு கூடக் கூட ரீடிங் குறையும்.

சுத்திகரிக்காத தோல் கழிவு ஒன்றைப் பத்து மடங்கு நீர்த்துச் செய்ததாக வைத்துக்கொள்வோம். பிளாங்க் 24.6 மி.லி., சாம்பிள் 14.6 மி.லி.; வித்தியாசம் 10. இரும்புக் கரைசல் 0.1 நார்மல். பத்தை 0.1-ஆல், பிறகு 8000-ஆல் பெருக்கி, சாம்பிள் அளவான 20-ஆல் வகுத்தால் 400. பத்து மடங்கு நீர்த்ததால் லிட்டருக்கு 4000 மி.கி. நீர்க்காமல் போட்டிருந்தால் கொதிக்கும்போதே பிளாஸ்க் முழுப் பச்சையாகியிருக்கும். டைகுரோமேட் தீர்ந்துபோனது என்று அர்த்தம். அந்தச் சாம்பிளை டைட்ரேட் செய்வது வீண்.

இனி உப்பு. குளோரைடையும் டைகுரோமேட் விடாது, குளோரினாக்கிவிடும். ஒரு மி.கி. குளோரைடு 0.226 மி.கி. ஆக்சிஜனுக்குச் சமமாகச் செலவு வைக்கும். லிட்டருக்கு 6000 மி.கி. குளோரைடு இருந்து முழுவதும் அப்படிப் போனால், இல்லாத 1356 மி.கி. சிஓடி கணக்கில் ஏறும். இதைத் தடுக்கத்தான் மெர்குரிக் சல்பேட். பாதரசம் குளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் அது முதலில் போக வேண்டும். வெள்ளி முந்திக்கொண்டால் வெண்ணிறமாகத் திரிந்து படியும், ஊக்கியும் வீணாகும். ஆனால் பாதரசத்தின் பிடிக்கும் எல்லை உண்டு: குளோரைடு லிட்டருக்கு 2000 மி.கி.க்கு மேல் போனால் நம்ப முடியாது.

சிக்கல் வருவது சுத்திகரித்த நீரில். நுண்ணுயிர்த் தொட்டி கரிமத்தைத் தின்றுவிடும், உப்பைத் தொடாது. ஆற்றில் விடும் நீருக்கு 250 மி.கி. சிஓடி என்பது பொது வரம்பு. அந்த அளவில் உள்ள நீரைக் குளோரைடுக்குப் பயந்து ஐந்து மடங்கு நீர்த்தால், பிளாங்க்குக்கும் சாம்பிளுக்கும் வித்தியாசம் வெறும் 1.25 மி.லி. ப்யூரெட்டைப் படிப்பதில் 0.1 மி.லி. பிசகினால் விடையில் 20 மி.கி. போய்விடும். 240 என்று வந்த நீர் 260 ஆகவும் இருக்கலாம். ஓர் ஆலை வரம்புக்குள் இருக்கிறதா இல்லையா என்பதை ஒற்றை ரீடிங்கில் தீர்ப்பது இந்த நீரில் நியாயமில்லை.

ஆகவே சிஓடிக்கு முன் குளோரைடைப் பார்த்துவிட்டு, 2000-க்குக் கீழே வர எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு மட்டும் நீர்க்க வேண்டும். ஃபெரஸ் கரைசல் காற்றுப்பட்டு வலிமை இழக்கும். அன்றன்றே டைகுரோமேட்டை வைத்துச் சரிபார்க்க வேண்டும். சாம்பிளையும் பிளாங்க்கையும் இரண்டிரண்டாகப் போட வேண்டும். டைட்ரேஷன் முடிந்த திரவத்தில் பாதரசமும் வெள்ளியும் குரோமியமும் இருப்பதால் அது சிங்க்கில் போகக் கூடாது. தனி கேனில் சேர்த்து அபாயக் கழிவாக அனுப்ப வேண்டும்.