நாடியோடு சேர்ந்து துடிக்கும் காது

காதில் சத்தம் கேட்கிறது என்று சொல்பவர், மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு அந்தச் சத்தத்தைச் சற்று நேரம் கவனிக்க வேண்டும். 'ஙொய்' என்று இடைவிடாமல் ஒலித்தால் அது பலருக்கும் வருகிற சாதாரணக் காது இரைச்சல். பெரும்பாலும் வயதாலோ நெடுநாள் பேரொலியாலோ கேட்கும் திறன் குறைந்ததன் விளைவு அது. வெளியே எந்த ஒலியும் இல்லாமல் நரம்பும் மூளையுமே அதை உண்டாக்குகின்றன. ஆனால் 'உஷ்... உஷ்...' என்று நாடி விழும்போதெல்லாம் சத்தமும் விழுந்தால், மாடி ஏறியதும் அதுவும் வேகமெடுத்தால், கதை வேறு. உடம்புக்குள் உண்மையாகவே ஒரு ஒலி பிறந்து காதுக்கு வந்து சேர்கிறது என்று எண்ண இடமிருக்கிறது.

உட்காதுக்கு மிக அருகில், மெல்லிய எலும்புக்கு அப்பால், இரண்டு பெரிய ரத்தநாளங்கள் போகின்றன. ஒன்று மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனி. மற்றது மூளையிலிருந்து ரத்தத்தை இறக்கிவரும் பெருஞ்சிரை. ரத்தம் சீராக ஓடும்வரை சத்தம் கேட்காது. நாளம் எங்காவது குறுகினாலோ, இடையில் உள்ள எலும்பு தேய்ந்து விலகினாலோ ஓட்டத்தின் இரைச்சல் காதில் விழும். ரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, கர்ப்பம் ஆகியவற்றில் ரத்த ஓட்டமே வேகமாவதாலும் இப்படிக் கேட்கலாம். அதனால்தான் ஸ்கேனுக்கு முன் சாதாரண ரத்தப் பரிசோதனை.

இப்படி ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஐம்பது வயதுப் பெண். சில மாதங்களாக வலக்காதில் மட்டும் துடிப்பு. படுத்தால் தூக்கம் வருவதில்லை. செவிப்பறை நன்றாக இருக்கிறது, கேட்கும் திறனிலும் குறையில்லை. தலைக்குச் சாதாரண எம்.ஆர்.ஐ. எடுத்ததில் 'எல்லாம் நார்மல்' என்று வந்துவிட்டது. பலருடைய தேடல் இங்கேயே நின்றுவிடுகிறது. அது தவறு. சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் சதையைத்தான் தெளிவாகக் காட்டும். ரத்தநாளங்களைப் பார்க்கத் தனியாகத் தமனிக்கும் சிரைக்கும் படம் எடுக்க வேண்டும்.

அனுபவமுள்ள மருத்துவர் படத்துக்கு முன்பே சில தடயங்களைப் பிடித்துவிடுவார். அதே பக்கத்துக் கழுத்தை மெதுவாக அழுத்துவார். லேசான அழுத்தத்திலேயே சத்தம் அடங்கினால், அடங்கியது சிரை ஓட்டம், காரணமும் சிரையில்தான் இருக்கக்கூடும். (வீட்டில் கழுத்தை அழுத்திப் பார்க்க வேண்டாம். தமனி நசுங்கினால் மயக்கம் வரலாம்.) பிறகு காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பார். நம் பெண்ணுக்குக் கழுத்தை அழுத்தியும் சத்தம் அடங்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பில் மருத்துவருக்கும் அதே 'உஷ்' கேட்கிறது. அந்த நொடியில் சந்தேகம் கூர்மையாகிறது.

தொடையிலோ மணிக்கட்டிலோ நுண்குழாய் செலுத்தி, சாயம் விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராமில் காரணம் தெரிகிறது. மூளை உறையில் ஓடும் ஒரு தமனி, இடையில் தந்துகிகளே இல்லாமல், காதுக்குப் பின்னுள்ள சிரையில் நேரடியாகத் திறந்திருக்கிறது. தமனியின் அழுத்தம் குறையாமல் சிரைக்குள் பாய்கிறது. அந்த ரத்தம் கீழ்நோக்கி இதயத்துக்கே வடிந்தால் ஆபத்து குறைவு, கண்காணித்துக்கொண்டே இருக்கலாம். மூளையின் மேற்பரப்புச் சிரைகளுக்குள் எதிர்த்திசையில் ஏறினால் அந்த மெல்லிய சுவர்கள் தாங்காது. மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம். அப்படியானால் அதே நுண்குழாய் வழியாகப் பசைபோன்ற மருந்தைச் செலுத்தி இணைப்பை அடைக்கிறார்கள். இணைப்பு முழுதாக அடைபட்டால் பெரும்பாலும் சத்தமும் நின்றுவிடும்.

எல்லோருக்கும் இது இருக்காது. உடல் பருமனான இளம்பெண்களிடம் மண்டைக்குள் திரவ அழுத்தம் கூடுவதே அடிக்கடி காரணம். தலைவலி, குனிந்து நிமிரும்போது சில நொடி பார்வை மங்குவது ஆகியவை கூட வரும். இவர்கள் கண் மருத்துவரிடம் பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்று தாமதமில்லாமல் பார்க்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். துடிப்போடு திடீர்க் கழுத்துவலி, ஒரு பக்க இமை தொங்குதல், முகம் கோணுதல், கை கால் தளர்தல் வந்தால் அன்றே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். தமனிச் சுவர் கிழிந்திருக்கலாம்.

நன்றாகத் தேடியும் காரணம் அகப்படாதவர்களும் உண்டு. ஆனால் ஆஞ்சியோகிராமுக்கு நாள் குறித்தபின் சத்தம் தானாக நின்றுபோனால், 'சரியாகிவிட்டது' என்று அதை ரத்து செய்துவிடக் கூடாது. சிலருக்கு அந்த இணைப்பு தானே அடைபட்டிருக்கும். வேறு சிலருக்கோ பழைய வடிகால் அடைத்துக்கொண்டு, ரத்தம் மூளைச் சிரைகளின் பக்கம் திரும்பியிருக்கும். எது நடந்தது என்பதைப் படம் எடுத்தால்தான் சொல்ல முடியும்.