முந்துவது யார்?

n-ஐ முடிவிலிக்குக் கொண்டுபோனால் n¹⁰/2ⁿ என்ன ஆகும்? n = 10 எனில் மேலே ஆயிரம் கோடி, கீழே வெறும் 1024. மேலே இருப்பதுதான் வெல்லும் என்று தோன்றும். 58 வரை அப்படித்தான். 59-இல் 2ⁿ முந்திவிடுகிறது.

காரணம் எளிது. n ஒன்று கூடும்போதெல்லாம் 2ⁿ இரட்டிக்கிறது. n¹⁰ பெருகுவதோ (1+1/n)¹⁰ மடங்குதான்; n = 100-இல் அது சுமார் 1.1. ஆக, அங்கிருந்து ஒவ்வொரு அடியிலும் பின்னம் ஏறக்குறையப் பாதியாகிறது. எல்லை 0. அடுக்கு 10-க்குப் பதில் 1000 ஆனாலும் முடிவு மாறாது, தாமதமாகும், அவ்வளவே.

மடக்கைக்கும் இதுவே போதும். log₂x/√x-இல் x = 2ⁿ என்று வைத்தால் n/2^(n/2) கிடைக்கிறது; அதுவும் 0. சில மதிப்புகளைக் கணிப்பானில் போட்டுப் பார்த்து எல்லையை முடிவு செய்யாதீர்கள். 50-இல் நிறுத்தியிருந்தால் தவறான பக்கம் சாய்ந்திருப்பீர்கள்.