பறித்த நேரத்தைச் சொல்லும் பேனர்

வாரச்சந்தைக்குள் நுழைந்தால் கடைக்குக் கடை ஒரே வாசகம்: ‘புத்தம்புதிய காய்கறிகள்’, ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’. மண்டியில் மூட்டை எடுத்து வந்து விற்பவரும் இதைத்தான் எழுதுகிறார். சொந்தத் தோட்டத்தில் பறித்து வந்த விவசாயியும் இதைத்தான் எழுதுகிறார். வாங்க வருபவருக்கு இரண்டு கடையும் ஒன்றாகவே தெரியும்.

மண்டியில் வாங்கி விற்பவரால் எழுத முடியாத சேதிகள் விவசாயியிடம் இருக்கின்றன. தோட்டம் எந்த ஊர், யார் விளைவித்தது, எப்போது பறித்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் தக்காளி, கத்தரி, கீரை, சின்ன வெங்காயம் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பேனரில் மேலே பெரிதாக ‘விளைவித்தவரே விற்கிறார்’ என்று இருக்கட்டும். அதன்கீழே அவர் பெயர், ஊர், கைப்பேசி எண். அவ்வளவு போதும்.

பறித்த நேரம் வாராவாரம் மாறும் என்பதால் அதை பேனரில் அச்சடிக்கக் கூடாது. பக்கத்திலேயே ஒரு கரும்பலகை வைத்து, ‘கீரை: இன்று காலை பறித்தது. கத்தரி: நேற்று மாலை பறித்தது’ என்று சாக்பீஸில் எழுதலாம். நேற்றுப் பறித்ததை நேற்று என்றே எழுதுகிறவரின் ‘இன்று காலை’யைத்தான் ஜனங்கள் நம்புவார்கள். விலையும் அதே பலகையில் வரட்டும்.

எல்லாக் காய்க்கும் ‘ஃபிரெஷ்’ பொருந்தாது. தொலைதூரம் போகும் தக்காளியை லேசாக நிறம் மாறும்போதே பறித்துவிடுவார்கள். பக்கத்துச் சந்தைக்கு வருபவர் சிவக்கும்வரை செடியில் விடலாம். ‘செடியிலேயே பழுத்த தக்காளி’ என்று தைரியமாக எழுதலாம். சின்ன வெங்காயமோ நன்றாகக் காய்ந்திருந்தால்தான் தாங்கும். அதற்கு ‘பட்டறையில் காய்ந்த வெங்காயம்’ என்பதுதான் சரியான விளம்பரம்.

பத்தடி தூரத்திலிருந்து படிக்க எழுத்து ஓர் அங்குல உயரமாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கூட்டத்துக்கு நடுவே இருபத்தைந்து அடியில் கண்ணில் பட வேண்டுமானால் முதல் வரி மூன்று அங்குலம் இருப்பது நல்லது. வளைத்து நெளித்த எழுத்துருவில் புள்ளியும் சுழியும் ஒட்டிக்கொள்ளும். மஞ்சளில் கறுப்பாகத் தடித்த எளிய எழுத்தே தெளிவு. கூடைகள் மறைக்காதபடி தலைக்கு மேலே கட்ட வேண்டும்.

‘ஆர்கானிக்’ என்று எழுதுமுன் யோசிக்க வேண்டும். நேரடியாக விற்கும் சிறு விவசாயிகளுக்கு 2017-ஆம் ஆண்டு விதிகள் சான்றிதழிலிருந்து விலக்கு தருகின்றன. ஆனால் சான்றிதழ் இல்லாதவர் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைப் போட்டுக்கொள்ள முடியாது. அவர் ‘பூச்சிமருந்து அடிப்பதில்லை, தோட்டத்துக்கு வந்து பாருங்கள்’ என்று எழுதலாம், அது உண்மையாக இருந்தால். பக்கத்துத் தோட்டத்துக் காயையும் சேர்த்து விற்கும் வாரத்தில், அதையும் கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.