செல்போன் தடை: மதிப்பெண் ஏறும், மனச்சுமை குறையுமா?

மாணவர்கள் பள்ளிக்கு செல்போன் கொண்டுவரக் கூடாது, கொண்டுவந்தால் பறிமுதல் செய்யப்படும் என்று 2022 மே மாதம் பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி அறிவித்தார். கொரோனா காலத்தில் கோவளத்திலும் கல்பாக்கத்திலும் பாடம் படிக்கவென்றே வாங்கிய போன்கள், பள்ளி திறந்தபின் பிள்ளைகளின் கையிலேயே தங்கிவிட்டிருந்தன.

தடையால் படிப்பு முன்னேறுமா? ஓரளவு முன்னேறுகிறது. இங்கிலாந்தில் 4 நகரங்களின் 91 பள்ளிகளை பெலாண்ட், மர்ஃபி என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். தடை வந்தபின் 16 வயது மாணவர்களின் தேர்வு முடிவு சற்று உயர்ந்திருந்தது. நூற்றுக்கு நடக்கும் தேர்வில் மாணவர்களின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக 15 வரை ஏறி இறங்குகின்றன என்று வைத்துக்கொண்டால், அந்த உயர்வு ஏறக்குறைய 1 மதிப்பெண். படிப்பில் மிகவும் பின்தங்கிய மாணவர்களுக்கோ 2 மதிப்பெண். முன்வரிசை மாணவர்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஸ்வீடனில் இதேபோல் ஆராய்ந்தபோது பலன் எதுவும் தென்படவில்லை.

இந்தியாவில் 10 உயர்கல்வி நிறுவனங்களில் சுமார் 17,000 மாணவர்களிடம் நடந்த சோதனை இன்னும் வலுவானது. போனை வாங்கி வைக்கும் வகுப்புகள் எவை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ததால், பலன் போன் இல்லாததால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. அங்கும் மேற்சொன்ன கணக்கில் 1 மதிப்பெண்ணுக்குச் சற்று மேல் கூடியது. அங்கும் பின்தங்கியவர்களுக்கே அதிகப் பலன். அவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதால், பத்தாம் வகுப்புக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்கு வகுப்பறைப் பாடம்தான் எல்லாமே. அதற்காகவே இந்தத் தடை தேவை என்பேன்.

மனநலத்தின் கதை வேறு. 2025இல் வெளியான பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வு, இங்கிலாந்தில் 30 பள்ளிகளின் 1,227 மாணவர்களைப் பார்த்தது. கட்டுப்பாடுள்ள பள்ளிகளில் பள்ளி நேரப் போன் பயன்பாடு சுமார் 40 நிமிடம் குறைவு. ஆனால் முழு நாளையும் கணக்கிட்டால் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. மனநலத்திலும் தூக்கத்திலும் வேறுபாடு இல்லை. எந்தப் பள்ளியில் படித்தாலும், நாள் முழுக்க அதிக நேரம் போனில் இருந்தவர்களுக்கே மனநலமும் தூக்கமும் மோசம். போனால் தூக்கம் கெட்டதா, தூக்கம் வராததால் போனை எடுத்தார்களா என்பதை இந்த ஆய்வு பிரித்துச் சொல்லாது.

செங்கல்பட்டுப் பள்ளி வாசலில் வாங்கி வைக்கும் போன் மாலையில் பிள்ளையிடம் திரும்பிவிடுகிறது. கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 16 வயதுள்ளவர்களின் வீடுகளில் சுமார் 90 சதவீதத்தில் ஸ்மார்ட்போன் இருப்பதாக 2024ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கை சொல்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில், முந்தைய வாரத்தில் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். போனில் செலவாகும் நேரத்தில் பெரும்பகுதி பள்ளிக்கு வெளியேதான் கழிகிறது. பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர்கள் பறிமுதல் கணக்கோடு, இரவு எத்தனை மணிக்குப் போன் அணைகிறது என்றும் கேட்கலாம்.