வெற்றுக் கட்டமும் பூஜ்யமும்

பழைய மழைப் பதிவேட்டை ஸ்கேன் செய்வது ஓரிரு வாரத்தில் முடிந்துவிடும். அந்தப் படங்களைத் திரையில் வைத்துக்கொண்டு எண் எண்ணாகத் தட்டச்சு செய்வதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். பாதியில் ஒரு டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் வேலையை விட்டுப் போவார், இன்னொருவர் வந்து உட்காருவார். போகிறவர் எழுதிவைக்கும் ஒப்படைப்புக் குறிப்பு சரியாக இல்லையென்றால், ஒரே அட்டவணையின் முதல் பாதி ஒரு விதிப்படியும் மறுபாதி வேறொரு விதிப்படியும் நிற்கும். பார்த்தால் தெரியாது.

நம் ஊர்ப் பழைய பதிவேட்டில் ஒரு மாதத்துக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு வரி, அடியில் மாத மொத்தம். 1950களின் பிற்பகுதியில் மெட்ரிக் முறை வரும்வரை அளவு அங்குலத்தில் இருக்கும். நூறு சென்ட் ஒரு அங்குலம். குறிப்பின் முதல் விதி இதைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும்: பக்கத்தில் உள்ளதை உள்ளபடியே தட்டச்சு செய், மில்லிமீட்டராக மாற்றாதே. 25.4ஆல் பெருக்குவதைப் பிறகு கணினியே செய்யும். கையால் மாற்றிய எண்ணில் பிழை நுழைந்தால் மூலத்தோடு நேராக ஒப்பிட முடியாது. தேதிக்கும் இதே விதிதான். மழைமானியைக் காலையில் பார்த்து அன்றைய தேதியில் எழுதுவதால், அந்த எண்ணில் முந்தின நாள் மழையும் சேர்ந்திருக்கும். அதற்காக ஆபரேட்டர் தேதியை ஒரு நாள் முன்னே தள்ளக்கூடாது.

அடுத்தது வெற்றுக் கட்டம். குறிப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். அளந்து பார்த்து மழை இல்லை என்றால் எழுத்தர் 0 போட்டிருப்பார், அல்லது கோடு இழுத்திருப்பார். ஆள் வராத நாளில் கட்டம் காலியாக இருக்கும். இரண்டையும் 0 என்று அடித்துவிட்டால், அளக்காத நாள் மழையில்லா நாளாகிவிடும். வறண்ட மாதம் என்று பொய்க் கணக்கு வரும். ஆகவே கோட்டைக் கோடாகவே, காலியைக் காலியாகவே விட வேண்டும். ஞாயிறு பார்க்காமல், இரண்டு நாள் மழையையும் திங்களன்று சேர்த்து அளந்து, இரு வரிகளையும் அடைப்புக்குறியால் இணைத்திருந்தால் அதற்கு ஒரு தனிக் குறி வேண்டும். நான்கு வரி மாதிரி போதும்; இடமிருந்து வலமாகப் பட எண், நாள், எழுதியிருந்தது, குறி:

```
0141,18,-,
0141,19,,
0141,20,0.75,A
0141,21,0.?0,Q
```

19 காலி. 20இல் உள்ள A, இரண்டு நாள் மழை என்று சொல்கிறது. Q என்றால் ஒரு இலக்கம் படிக்க முடியவில்லை, ஊகித்து நிரப்பவில்லை. பட எண் என்பது ஸ்கேன் கோப்பின் எண், பதிவேட்டின் பக்க எண் அல்ல. பக்க எண் விட்டுப்போனதும் இரட்டித்ததும் பதிவேடுகளில் உண்டு.

பிரிட்டனில் 2020இல் நடந்த ‘ரெயின்ஃபால் ரெஸ்க்யூ’ திட்டத்தில் ஒரே எண்ணைத் தன்னார்வலர்கள் பலர் தனித்தனியாக அடித்தார்கள், ஒத்துப்போனதை ஏற்றுக்கொண்டார்கள். ஒரே ஆள் அடிக்கும் இடத்தில் அந்த வசதி இல்லை. நமக்கிருக்கும் சாட்சி பக்கத்தின் அடியிலுள்ள மாத மொத்தம். ஒரு பக்கத்தில் மொத்தம் 4.87 என்று இருக்கிறது. அடித்த எண்கள் 0.62, 1.50, 0.30, 2.15, 0.75, கூட்டினால் 5.32. வித்தியாசம் 45 சென்ட். அது 9ஆல் வகுபட்டால் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்கர்களின் பழைய உத்தி. 45ஐ 9ஆல் வகுத்தால் 5. அப்படியானால் கடைசி இரண்டு இலக்கங்கள் ஒன்றுக்கொன்று 5 வித்தியாசத்தில் இருக்கும் எண்ணைத் தேட வேண்டும். 1.50 மட்டும்தான் அப்படி. படத்தைத் திறந்தால் 1.05. திருத்தியதும் மொத்தம் 4.87 வந்துவிடுகிறது.

எல்லாம் படத்தோடு ஒத்திருந்தும் மொத்தம் இடித்தால், அன்றைய எழுத்தரே தப்பாகக் கூட்டியிருக்கலாம். அப்போது நாள் எண்களையும் தொடக்கூடாது, மொத்தத்தையும் தொடக்கூடாது. பக்கத்துக்கு ஒரு குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். மொத்தத்துக்குப் பொருந்தும்படி ஒரு நாளை மாற்றுவது, இல்லாத மழையை உண்டாக்குவது. இந்தச் சோதனைக்கு எல்லையும் உண்டு: 12ஆம் நாள் மழையை 13இல் அடித்தால் மொத்தம் மாறாது. அதைக் கண்ணால்தான் பிடிக்க முடியும்.

கடைசியாக வேலை நிற்கும் இடம். ‘பாதி முடிந்தது’ என்று எழுதினால் பயனில்லை. எந்தப் படம்வரை அடித்தாயிற்று, அதில் எதுவரை மொத்தம் சரிபார்த்தாயிற்று என்று இரண்டு எண் தனித்தனியே வேண்டும். விதி நடுவில் மாறியிருந்தால் எந்தப் படத்திலிருந்து என்பதும் வேண்டும். 96ஆம் படம்வரை கோட்டையும் 0 என்றே அடித்து, 97இலிருந்துதான் கோடாக விட்டிருந்தால் அந்த ஒரு வரி குறிப்பில் இருந்தாக வேண்டும். இருந்தால் புதிதாக வருகிறவர் முதல் 96 படங்களை மட்டும் மறுபடி திறந்து பார்ப்பார். இல்லையென்றால் முழுப் பதிவேட்டையும் சந்தேகப்பட வேண்டியதுதான்.