சுழி அடைபடாத எழுத்து

மணிக்கட்டில் ‘கண்ணம்மா’ என்று பச்சை குத்திக்கொள்ள ஆசைப்படும் ஒருவர், கைப்பேசியில் ஓர் ஓவியத்தோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்து மெல்லியது, அழகானது. அனுபவமுள்ள டாட்டூ கலைஞர் அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கமாட்டார். குத்தப்போகும் அதே அளவில் தாளில் அச்சிட்டு, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்ப்பார்.

அந்த அளவில் எழுத்தின் உயரம் 4 மில்லிமீட்டர்தான். கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர். கண் போகவேண்டிய இடம் ‘ண’. அதன் சுழிக்குள் உள்ள வெற்றிடம் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. இன்றைக்கு அது தெளிவாகத் தெரியும். சிக்கல் சில ஆண்டுகள் கழித்து.

மேல்தோலுக்குக் கீழே உள்ள அடுக்கில்தான் மை தங்குகிறது. அங்குள்ள விழுங்கு செல்கள் அதைப் பிடித்துவைத்திருக்கின்றன. ஒரு செல் இறந்தால் அது விட்ட மையை அடுத்த செல் விழுங்கிக்கொள்கிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2018இல் எலிகளிடம் காட்டினார்கள். மை அழியாமல் நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆனாலும் அது இம்மி பிசகாமல் அதே இடத்தில் நிற்பதில்லை. ஆண்டுகள் போகப் போக கோட்டின் ஓரம் மங்கி, கோடு அகலும். இருபுறமும் கால் கால் மில்லிமீட்டர் அகன்றாலே சுழியின் வெற்றிடத்தில் அரை மில்லிமீட்டர் காணாமல் போகும். அப்போது ‘ண’ மூன்று கரும்புள்ளிகளாகிவிடும். மேலே உள்ள புள்ளியும் எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் ‘ண்’ எது, ‘ண’ எது?

இன்னும் மெல்லிய ஊசி போதாதா என்று வாடிக்கையாளர் கேட்பார். மெல்லிய கோட்டில் மை குறைவு. அது அங்கங்கே விட்டுப்போய் வெளிறும் வாய்ப்பு உண்டு. ஆகவே கோட்டை மெலியவைப்பதைவிட இடைவெளியைக் கூட்டுவதே மேல். பழைய கோலப் பச்சைகள் பாட்டிகளின் கையில் நிறம் மாறிய பிறகும் அடையாளம் தெரிவதற்கு, அவற்றின் தடித்த கோடுகளும் தள்ளித்தள்ளி வைத்த புள்ளிகளும் காரணம்.

எல்லா மங்கலும் வயதால் வருவதல்ல. ஊசி ஆழமாக இறங்கி மை கொழுப்படுக்கில் கசிந்தால், சில நாட்களிலேயே கோட்டைச் சுற்றி நீல நிழல் படியும். அது கைப்பிழை, ஓவியத்தைத் திருத்தித் தடுக்கமுடியாது.

‘கண்ணம்மா’வுக்குத் திருத்தம் எளிது: உயரத்தை 8 மில்லிமீட்டராக்கி, கோட்டை அதே தடிமனில் விட்டு, புள்ளியை எழுத்திலிருந்து நன்றாகத் தள்ளி வைப்பது. ஆனால் பெயரின் நீளம் ஏழு சென்டிமீட்டர் ஆகிவிடும். மணிக்கட்டின் குறுக்கே அது அடங்காது. மணிக்கட்டு மடிப்பைத் தவிர்த்து, முன்கையில் நீளவாக்கில் போகவேண்டும். வெயில் படும் இடம் என்பதால் சன்ஸ்கிரீன் பூசுவது மை வெளிறுவதைத் தாமதப்படுத்தும். ஸ்டென்சிலை ஒட்டியதும் கையைத் தொங்கவிடச் சொல்லி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று படித்துப் பார்ப்பார் கலைஞர். தடுமாறினால் துடைத்துவிட்டு மறுபடி அச்சிடுவார்.