நீளக் கட்டுரைக்கு மூன்று வாசல்கள்

வார இதழைக் கையில் எடுப்பவர்களில் பலர் அதை முதல் வரியிலிருந்து படிப்பதில்லை. பக்கங்களைப் புரட்டும்போது கண் முதலில் படத்தில் நிற்கும், பிறகு படக்குறிப்புக்கும் பெரிய எழுத்தில் தெரியும் மேற்கோளுக்கும் போகும். அதற்குப் பிறகுதான் கட்டுரையைப் படிப்பதா வேண்டாமா என்ற முடிவு. நான்கு பக்கக் கட்டுரை இடைவெளியில்லாத எழுத்துச் சுவராக நின்றால், அந்த முடிவு பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்றே அமையும். சுவரில் வாசல் திறக்கத்தான் டிராப் கேப், புல் கோட், படக்குறிப்பு ஆகிய மூன்றும் இருக்கின்றன.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் முதல் சொல் ‘கோடை’. அந்த முதல் எழுத்தை மூன்று வரி உயரத்துக்குப் பெரிதாக்குவதுதான் டிராப் கேப். கட்டுரை இங்கே தொடங்குகிறது என்று அது கண்ணுக்குக் காட்டுகிறது. குட்டன்பர்க் அச்சிட்ட பைபிளிலேயே இந்த முதலெழுத்துகளுக்கு இடம் விட்டு, பிறகு கையால் வண்ணத்தில் எழுதினார்கள்.

தமிழில் இதற்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ‘கோ’ என்பதை Nfh என்று மூன்று விசைகளில் அடிக்கிறோம். கணினிக்கு அது மூன்று எழுத்து. ஒரே எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னால் முன்னால் இருக்கும் கொம்பு மட்டும் மூன்று வரிக்கு நிமிரும். ‘கா’ சிறிதாக ஒதுங்கிக் கிடக்கும். எண்ணிக்கையை மூன்று என்று மாற்றினால் சரியாகிவிடும். யூனிகோடில் அடித்திருந்தால், இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசர் தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

எழுத்தின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். ‘பு’, ‘து’ போன்றவற்றின் கீழ்க்கோடு நான்காம் வரியில் போய் இடிக்கும். ‘கீ’ போன்றவற்றின் மேல்சுழி முதல் வரிக்கு மேலே துருத்தும். அப்போது எழுத்தை நசுக்கி அடைப்பதைவிட, முதல் வாக்கியத்தை வேறு சொல்லில் தொடங்க முடியுமா என்று துணை ஆசிரியரிடம் கேட்பது நல்லது.

அடுத்தது புல் கோட், அதாவது கட்டுரையிலிருந்தே ஒரு வாக்கியத்தை எடுத்துப் பெரிதாகப் போடுவது. நம் கட்டுரையில் ‘உப்பு உற்பத்தி இங்கு முக்கியத் தொழில்’ என்ற வரி இதற்கு உதவாது. ‘மழை பெய்தால் ஊரே சிரிக்கும், எங்கள் அடுப்பு மட்டும் அணையும்’ என்று ஒரு தொழிலாளி சொல்லியிருந்தால் அதுதான் மேற்கோள். பதினைந்து சொல்லுக்குள் இருப்பது நல்லது. கட்டுரையில் அதே வரி இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டால், படிப்பவருக்குச் சொன்னதையே சொல்வதாகப் படும். கட்டுரையின் முடிவை வெளிப்படுத்தும் வரியும் கூடாது. சொன்னவரின் சொல்லை அழகுக்காக மாற்றுவது மன்னிக்க முடியாத தவறு.

மேற்கோளை எங்கே வைப்பது என்பதிலும் இடறல் உண்டு. இரண்டு பத்திகளையும் குறுக்கே வெட்டி நடுப்பக்கத்தில் வைத்தால், படித்து வருபவர் அதைத் தாண்டிக் கீழே போவதா, அடுத்த பத்தியின் தலைக்குப் போவதா என்று தடுமாறுவார். இரண்டு பத்திக்கும் நடுவே செருகி எழுத்தைச் சுற்றி ஓடவிட்டால் பத்தி குறுகிவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய வரியில் இரண்டு சொல்தான் அடங்கும், இடையில் வெள்ளைப் பள்ளங்கள் தெரியும். ஒரே பத்தியின் அகலத்துக்குள் வைப்பதுதான் பாதுகாப்பானது. பக்கத்துக்கு ஒன்று போதும்.

மூன்றாவது, படக்குறிப்பு. ‘உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள்’ என்பது படமே சொல்லும் செய்தி. ‘வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க, விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிய பெண்கள், தூத்துக்குடி’ என்று எழுதினால், படம் காட்டாத நேரமும் காரணமும் கிடைக்கின்றன. எழுதுவதற்கு முன் படம் எடுத்தவரிடம் கேட்டே ஆக வேண்டும். ஊகத்தில் எழுதிய ஒரு குறிப்பு மொத்தக் கட்டுரையின் நம்பகத்தையும் கெடுத்துவிடும். பலர் இருக்கும் படத்தில் பெயர்களை இடமிருந்து வலமாகச் சொல்லி, பட வரிசையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உள்ளே இருக்கும் கட்டுரையை விட்டுவிட்டு, தலைப்பு, மேற்கோள், படக்குறிப்பு மூன்றை மட்டும் படியுங்கள். கட்டுரை யாரைப் பற்றியது, எதைப் பற்றியது என்று அதிலேயே விளங்க வேண்டும், மிச்சத்தையும் படிக்கத் தோன்ற வேண்டும். தோன்றவில்லை என்றால் பக்கம் இன்னும் தயாராகவில்லை.